காய்ச்சல் விட்ட பிறகும் முடியாத வைத்தியம்



கோட்டுச்சேரியைச் சுற்றியுள்ள வயல்கள் காவிரியின் கடைமடை வயல்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். அந்த நாட்களில்தான் சம்பாவுக்கும் தாளடிக்கும் வயல் வேலை நெருக்கும். நடவாளும் களையெடுப்பவரும் காலில் ஒன்றும் அணியாமல், முழங்கால் அளவு சேற்றில் காலை முதல் மாலை வரை நிற்பார்கள். இவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இன்று சர்க்கரை வியாதி இருக்கிறது. சேறும் சர்க்கரையும் ஒரே உடலில் சந்திக்கும்போது வரக்கூடிய ஒரு வியாதியைப் பற்றி இந்த இதழில் விளக்க விரும்புகிறோம். அதன் பெயர் மெலியோய்டோசிஸ். பெயர் புதிதாகத் தோன்றினாலும் வியாதி புதிதல்ல.

1911-ஆம் ஆண்டு இரங்கூன் பொது மருத்துவமனையின் பிண அறையில் பணிபுரிந்த ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும், அவருடைய உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசாமியும், நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளோடு இறந்தவர்களின் உடலிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை யாரும் விவரித்திராத கிருமி அது. அடுத்த ஆண்டு அதைப்பற்றி எழுதி வெளியிட்டார்கள். இப்போது அந்தக் கிருமிக்கு பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்று பெயர். நம் பகுதியைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1996. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும், தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றி அந்த ஆண்டு எழுதியபோது, நாம் காண்பது கடலுக்கு மேலே தெரியும் பனிப்பாறையின் நுனி மட்டும்தானோ என்ற கேள்வியையே கட்டுரையின் தலைப்பில் வைத்தார்கள். அதன் பின் மணிப்பால், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களின் ஆய்வுக்கூடங்களும் இக்கிருமியைக் கண்டு அறிவித்தன. 2016-ல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு, ஆண்டுதோறும் 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தெற்காசியாவைச் சேர்ந்தவர்கள்.

இந்த வியாதியில் மற்றவற்றைவிட ஒன்றை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு வைத்தியம் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ஊசி மருந்து. அது வாரக்கணக்கில் போகும். இரண்டாம் கட்டத்தில் மாத்திரை. அது மாதக்கணக்கில் போகும். முதல் கட்டம் நோயாளியின் உயிரைக் காக்கிறது. வியாதி திரும்பி வராமல் காப்பது இரண்டாம் கட்டம். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, நோயாளி வீட்டுக்கு நடந்து போன பிறகுதான் இந்த இரண்டாம் கட்டம் தொடங்குகிறது என்பதால், அது நடுவில் அறுந்துபோவது மிக எளிது.

சர்க்கரை வியாதிக்காரரை ஏன் பிடிக்கிறது?

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. கோடையில் மண்ணின் ஆழத்தில் கிடந்து, மழையில் நீர்மட்டம் உயரும்போது மேலே வருகிறது. தோலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாகவும், புயல்மழையில் காற்றோடு பறக்கும் நீர்த்துளிகளை மூச்சில் இழுப்பதாலும், காய்ச்சாத நீரைக் குடிப்பதாலும் உடலுக்குள் நுழைகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

சேற்றில் நிற்கும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. சுகமான உடலில் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கிக் கொன்றுவிடும். சர்க்கரை நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் அந்த வெள்ளையணுக்களின் வேகமும் கொல்லும் திறனும் குறைந்துபோகின்றன. இந்தக் கிருமியோ, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடிருந்து பெருகத் தெரிந்த கிருமி. சர்க்கரை வியாதி உள்ளவருக்கு மற்றவரைவிட ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு அதிகமாக இந்நோய் வருவதற்குக் காரணம் இதுவே. இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் பித்தவெடிப்பும் முள் குத்திய புண்ணும் இருப்பது அவருக்கே தெரியாது. கிருமிக்குத் திறந்த வாசல் அது.

கிருமி அணுவுக்குள் ஒளிந்திருப்பதும், இரத்தம் எளிதில் எட்டாத சீழ்க்கட்டிக்குள் தங்குவதுமே வைத்தியம் நீண்டுபோவதற்குக் காரணம். இரத்தத்தில் ஓடும் கிருமியை ஊசி மருந்து சில நாட்களில் அடக்கிவிடும். ஒளிந்திருப்பவற்றை ஒழிக்க மாதங்கள் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இந்நோய் பெரும்பாலும் எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட ஒருவருடைய வரலாறு அல்ல. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு படியும் நோயாளிகளிடம் நடப்பதே.

கோட்டுச்சேரிப் பக்கத்து விவசாயி ஒருவர். வயது 52, எடை 58 கிலோ. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார், அதுவும் நினைவு வந்தபோது. கார்த்திகையில் நடவு முடிந்த சில நாட்களில் குளிர்க்காய்ச்சல் வருகிறது. வலது விலாவின் கீழே வலி, சாப்பாடு இறங்கவில்லை. அருகில் உள்ள மருத்துவர் ஐந்து நாள் ஊசி போடுகிறார். காய்ச்சல் சற்றுத் தணிந்து மறுபடி ஏறுகிறது. இப்படி இரண்டு வாரம் போனபின் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே சர்க்கரை 380. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 11 சதவீதத்துக்கு மேல். ஸ்கேனில் கல்லீரலில் ஒரு பெரிய சீழ்க்கட்டியும் மண்ணீரலில் நான்கு சிறிய கட்டிகளும் தெரிகின்றன.

இங்கே மருத்துவருக்கு மூன்று செய்திகள் ஒன்றாகக் கிடைக்கின்றன: சர்க்கரை, மழைக்கால வயல்வேலை, மண்ணீரலில் சீழ். இம்மூன்றும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸ் என்ற எண்ணம் உடனே வரவேண்டும். வராவிட்டால் நோயாளிக்குக் காசநோய் என்று முடிவாகி, காசநோய் மாத்திரைகள் தொடங்கப்படலாம். மெலிவு, இரவுக் காய்ச்சல், நுரையீரல் எக்ஸ்ரேயில் நிழல் என்று இரண்டு வியாதிகளும் ஒரே முகம் காட்டும். காசநோய் மருந்துகளை நம்பி இந்தக் கிருமியை விட்டுவைத்தால் நோயாளியின் நாட்கள்தான் வீணாகும்.

ஆகவே மருந்து தொடங்குமுன் இரத்தம், சிறுநீர், தொண்டைச்சளி ஆகியவை கல்ச்சர் பரிசோதனைக்குப் போகின்றன. சீழ் எடுத்தால் அதுவும் போகும். உறுதியான சான்று கிருமியை வளர்த்துக் காண்பதே. அதிலும் ஓர் இடர் உண்டு. இந்தக் கிருமி மெதுவாக வளரும். அதற்கே உரிய சுருக்கம் விழுந்த தோற்றம் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே தெரியும். அவசரப்படும் ஆய்வுக்கூடத்தில் அதைச் சாதாரணமான சூடோமோனாஸ் என்று எழுதிவிடலாம், அல்லது வெளியிலிருந்து கலந்த கிருமி என்று எறிந்துவிடலாம். கவனமுள்ள ஆய்வாளருக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை; அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்துக்கோ அது பணிந்துபோகும். இப்படி ஒரு முடிவைக் கண்டால் அவர் உடனே வார்டுக்குத் தகவல் சொல்லவேண்டும். ஒருமுறை எடுத்த கல்ச்சரில் கிருமி வராததால் வியாதி இல்லை என்றும் ஆகாது. உண்மையான நோயாளிகளில் பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் கல்ச்சரில் அகப்படுகிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடியும் எடுக்கவேண்டும்.

முதல் கட்டம்: ஊசி

நம் எடுத்துக்காட்டு நோயாளிக்கு மருத்துவர் முடிவுக்காகக் காத்திராமல் முதல் நாளே செஃப்டாசிடிம் தொடங்குகிறார். ஒரு தடவைக்கு இரண்டு கிராம், எட்டு மணிக்கு ஒருமுறை, நரம்பு வழியாக. நிலைமை மிகவும் மோசமாக இருந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு மெரோபெனம் என்ற ஊசியைத் தேர்ந்தெடுப்பார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இரண்டின் அளவையும் குறைக்கவேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர். ஆகவே கிரியாட்டினின் பார்க்காமல் அளவைத் தீர்மானிப்பதில்லை.

செஃப்டாசிடிமின் மதிப்பு 1989-ல் தெரியவந்தது. வடகிழக்குத் தாய்லாந்தில் உபோன் ராட்சதானி என்ற நெல்விளையும் மாகாணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கடுமையான மெலியோய்டோசிஸ் வந்தவர்களில் பழைய கூட்டு மருந்துகளைப் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் இறந்தார்கள்; செஃப்டாசிடிம் பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் இறந்தார்கள். சாவு பாதியாகக் குறைந்தது. நம் ஊர்களில் காய்ச்சலுக்கு முதலில் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் பெயரில் இதற்கு உறவு போலத் தோன்றினாலும், இந்தக் கிருமியிடம் அதை நம்ப முடியாது. நம் நோயாளிக்கு ஐந்து நாள் ஊசிக்குப் பிறகும் காய்ச்சல் ஏறியதற்கு இப்படிப்பட்ட மருந்து ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கூடம் கிருமியின் பெயரைச் சொல்கிறது. நான்காம் நாள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திக் கல்லீரலில் இருந்த பெரிய கட்டியின் சீழை வெளியே எடுக்கிறார்கள். மண்ணீரலில் உள்ளவை சிறியவை. அவற்றைத் தொடுவதில்லை, மருந்தே பார்த்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் போடுகிறார்கள். கடுமையான தொற்று இருக்கும்போது சர்க்கரை எகிறும். மாத்திரையால் அதை அடக்க முடியாது.

ஏழாம் நாள். நோயாளியின் மனைவி கேட்கிறார்: "சிஸ்டர், ஒரு வாரமா வேளைக்கு வேளை ஊசி போடுறீங்க. ராத்திரி ஆனா காய்ச்சல் அப்படியேதான் அடிக்குது. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமான்னு என் தம்பி சொல்றான்." இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திடமிருந்தும் வரும். இதற்கான பதிலைச் செவிலியர் அறிந்திருப்பது மருந்துக்குச் சமம். சரியான மருந்து கிடைத்தாலும் இந்த வியாதியில் காய்ச்சல் விடச் சராசரியாக ஒன்பது நாள் ஆகிறது. உள்ளே பெரிய சீழ் இருந்தால் ஒரு மாதம்கூட ஆகும். காய்ச்சல் இருப்பதாலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மாற்றக்கூடாது. "காய்ச்சல மட்டும் பாக்காதீங்கம்மா. அவர் உக்காந்து சாப்பிடுறாரா, பிரஷர் நிக்குதான்னு பாப்போம். ரத்தத்துல கிருமி இன்னும் இருக்கான்னு இன்னைக்கு மறுபடி கல்ச்சர் எடுத்திருக்கோம்" என்று செவிலியர் பதில் சொல்கிறார். அந்தக் கல்ச்சரில் கிருமி இல்லை என்று வருகிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் இரத்தத்தில் கிருமி இருந்தால்தான் பயப்படவேண்டும். அப்போது எங்கோ எடுக்கப்படாத சீழ் இருக்கிறதா என்று தேடவேண்டும். ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியையும் ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும், ஏனெனில் அங்கே கட்டி இருப்பது வெளியே தெரியாது.

பதினொன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது. ஆனாலும் ஊசி நிற்பதில்லை. முதல் கட்டம் யாருக்கும் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குக் குறையக்கூடாது. கல்லீரல், மண்ணீரல் போன்ற உள்ளுறுப்புகளில் சீழ் இருந்தால் நான்கு வாரம்; எலும்பில் இருந்தால் ஆறு வாரம்; மூளையில் இருந்தால் எட்டு வாரம். அதிலும் நான்கு வாரம் என்பதைக் கடைசியாகச் சீழ் எடுத்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. நம் நோயாளிக்கு நான்காம் நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்றாம் நாள் வரை போகிறது. நாளைக்கு மூன்று தடவையாக 93 தடவை. ஒரு கிராம் குப்பிகளாகக் கணக்கிட்டால் 186 குப்பிகள். ஒரு மாதம் வயலுக்குப் போகாத விவசாயியின் குடும்பம் இத்தனை குப்பிகளையும் வாங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் கட்டம்: மாத்திரை

வீட்டுக்குப் போகும் நாளில் நோயாளி சுகமானவர்போல் இருக்கிறார். நிஜத்தில் அவர் பாதி வழியில்தான் நிற்கிறார். மண்ணீரலில் சிறு கட்டிகள் சுருங்கியிருக்கின்றன, மறையவில்லை. இனி அவர் சாப்பிட வேண்டியது கோ-டிரைமாக்சசோல். செப்ட்ரான் என்ற பெயரில் பலரும் அறிந்த பழைய மாத்திரைதான், விலையும் குறைவு. முன்பு இந்தக் கட்டத்துக்கு மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைத் தாங்கமுடியாமல் பலர் விட்டுவிட்டார்கள். 2014-ல் தாய்லாந்தில் 626 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, கோ-டிரைமாக்சசோல் ஒன்றே போதும், அதனோடு டாக்சிசைக்ளின் சேர்ப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்று காட்டியது. அந்த ஆய்வில் மாத்திரையை இருபது வாரம் கொடுத்தார்கள்.

அளவு எடையைப் பொறுத்தது, சளிக்காய்ச்சலுக்குக் கொடுப்பதைவிட அதிகம். நாற்பது கிலோவுக்கும் அறுபது கிலோவுக்கும் இடைப்பட்ட பெரியவருக்குச் சாதாரண அளவு மாத்திரையில் காலையில் மூன்று, இரவில் மூன்று. நாளைக்கு ஆறு, வாரத்துக்கு 42. இதோடு ஃபோலிக் அமிலம் தினமும் ஒன்று, இரத்த அணுக்கள் குறையாமல் இருப்பதற்காக. குறைந்தது பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். பலருக்கு இருபது வாரம் வரையும், எலும்பிலோ மூளையிலோ நோய் இருந்தவருக்கு ஆறு மாதமும் கொடுக்கிறார்கள். நம் நோயாளி பன்னிரண்டு வாரத்தில் சாப்பிடுவது 504 மாத்திரைகள்.

மாத்திரை அறுந்துபோவது பெரும்பாலும் அலட்சியத்தால் என்று நாம் எண்ணுகிறோம். சர்க்கரை வியாதி உள்ளவரிடம் வேறொரு காரணம் இருக்கிறது. அதை அறியாதவர்கள் நோயாளியைக் கடிந்துகொள்வார்கள்.

நம் நோயாளி வீட்டுக்குப் போனதும், இன்சுலின் போட ஆள் இல்லாததால் பழைய கிளிமிபிரைடு மாத்திரைக்குத் திரும்புகிறார். பத்தாம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறுகிறது. மனைவி சீனித்தண்ணீர் கொடுக்க, கால்மணி நேரத்தில் தெளிகிறார். நடந்தது சர்க்கரைத் தாழ்வு. கோ-டிரைமாக்சசோலில் உள்ள சல்ஃபா மருந்து கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும். அதோடு தொற்று அடங்கியதால் உடலுக்குத் தேவையான சர்க்கரை மருந்தின் அளவும் குறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே இழுத்துவிட்டன. ஆனால் குடும்பத்தார் பார்ப்பது வேறு: "அந்தப் பெரிய மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கல. சூடு தாங்கல." மறுநாளிலிருந்து கோ-டிரைமாக்சசோல் நின்றுவிடுகிறது, கிளிமிபிரைடு தொடர்கிறது. இருக்கவேண்டியது போய், குறைக்கவேண்டியது தங்கிவிடுகிறது.

இதைத் தடுக்க அதிகம் தேவையில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் கிளிமிபிரைடை நிறுத்தவோ பாதியாகக் குறைக்கவோ வேண்டும். இன்சுலினை வீட்டில் யார் போடுவார் என்று கேட்டு, அவருக்கு வார்டிலேயே பழக்கவேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே இனிப்புச் சாப்பிட்டு, சர்க்கரை மருந்தைப் பற்றிக் கேட்க வரவேண்டும், கிருமி மருந்தை நிறுத்தக்கூடாது என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதல் பத்து நாளுக்குள் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான இடர்கள் அப்போதே பிடிபடும்.

அதே வருகையில் வேறு இரண்டையும் பார்க்கவேண்டும். முதலாவது பொட்டாசியம். கோ-டிரைமாக்சசோல் அதை ஏற்றும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிடும் எனாலப்ரில் வகை மாத்திரைகளும் அதையே ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நோயாளிக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பொட்டாசியம் ஏறியிருந்தால் கொதிப்பு மாத்திரையை அம்லோடிபின் போன்ற வேறொன்றாக மாற்றலாம். இரண்டாவது கிரியாட்டினின். இம்மருந்து தொடங்கியதும் அது சற்று ஏறுவது சகஜம். சிறுநீரகம் கெடாமலேயே அப்படி ஏறும். ஆகவே சிறிய ஏற்றத்தைப் பார்த்து மருந்தை நிறுத்துவதில்லை, அடுத்த வாரம் மறுபடி பார்க்கிறோம். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் அளவைக் குறைக்கவேண்டும். முதல் சில வாரம் வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளி விட்டும் இந்தப் பரிசோதனைகள் போதும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நோயாளி யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தலாம், நிறுத்தவேண்டும். உடம்பில் தடிப்பு வந்து, அதோடு காய்ச்சலோ, வாய்ப்புண்ணோ, கண் சிவப்போ, தோல் உரிதலோ இருந்தால் அது சல்ஃபா ஒவ்வாமையின் கடுமையான வடிவம். உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். அவருக்கு டாக்சிசைக்ளினோ அமாக்சிசிலின் கிளாவுலனிக் அமிலமோ மாற்றாகக் கொடுக்கலாம். பின்னதில் வியாதி திரும்பும் வாய்ப்பு கோ-டிரைமாக்சசோலைவிட அதிகம் என்பதால், தேவையில்லாமல் அதற்கு மாறுவதில்லை.

திரும்பி வந்தால்

வியாதி திரும்புவதைத் தீர்மானிப்பதில் எல்லாவற்றையும்விட முக்கியமானவை இரண்டு என்று தாய்லாந்தில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் கண்டன: எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது, எத்தனை வாரம் சாப்பிடப்பட்டது. முதலில் வந்தபோது நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுகூட இவற்றுக்குப் பின்னால்தான். இது நம்பிக்கை தரும் செய்தி, ஏனெனில் இந்த இரண்டும் நம் கையில் இருப்பவை. திரும்பி வரும் வியாதியில் மீண்டும் ஊசியிலிருந்தே தொடங்கவேண்டும். அதிலும் சிலர் இறந்துபோகிறார்கள்.

நம் எடுத்துக்காட்டு நோயாளிக்கு மாத்திரை நின்ற நான்காம் நாள், மறு வருகைக்கு வராததைப் பதிவேட்டில் பார்த்த செவிலியர் போன் செய்கிறார். என்ன நடந்தது என்று கேட்டு, மறுநாளே வரச்சொல்கிறார். சர்க்கரை மாத்திரை மாற்றப்படுகிறது. கோ-டிரைமாக்சசோல் மீண்டும் தொடங்குகிறது. அதன்பின் இரண்டு வாரத்துக்கு 84 மாத்திரைகள் கொடுத்து, காலி அட்டைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வாரம் ஸ்கேனில் மண்ணீரலில் இன்னும் ஒரு கட்டியின் தடம் தெரிவதால், மருத்துவர் இருபது வாரம் வரை நீட்டுகிறார். அப்போதும் ஒரு சிறு வடு ஸ்கேனில் மீதமிருக்கலாம். நோயாளி எடை கூடி, காய்ச்சலில்லாமல் இருந்தால் அந்த வடுவுக்காக மருந்தைத் தொடரத் தேவையில்லை.

மாத்திரை முடிந்தாலும் வயல் அங்கேயே இருக்கிறது. ஒருமுறை வந்ததால் இந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை, தடுப்பூசியும் இல்லை. இரண்டாம் முறை வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது பழைய கிருமி அல்ல, மண்ணிலிருந்து புதிதாக வந்த தொற்று. ஆகவே சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ், அது முடியாதபோது புண்ணையும் வெடிப்பையும் நீர் புகாத கட்டால் மூடுவது, கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுவது, காய்ச்சிய நீர் குடிப்பது, மழை அடித்துப் பெய்யும்போது வெளியில் நிற்காமல் இருப்பது ஆகியவற்றைச் சர்க்கரை உள்ள ஒவ்வொரு விவசாயியும் பழகிக்கொள்ளவேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இவை அனைத்துக்கும் மேலானது.

வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு இருக்கவேண்டும். அதில் மெலியோய்டோசிஸ் என்ற பெயர், கிருமி கண்டுபிடிக்கப்பட்ட தேதி, ஊசி போட்ட நாட்கள், மாத்திரை தொடங்கிய நாள், முடியவேண்டிய நாள் எல்லாம் எழுதியிருக்கவேண்டும். அடுத்த மழைக்காலத்திலோ அதற்கடுத்த ஆண்டிலோ மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தால், அவர் போகும் முதல் மருத்துவரிடமே அந்தச் சீட்டைக் காட்டி, "எனக்கு ஏற்கெனவே இது வந்திருக்கு, ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுங்க" என்று சொல்லவேண்டும். முதல் முறை இரண்டு வாரம் தாமதமானது போல இரண்டாம் முறையும் ஆகாமலிருக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.